குளத்துக்குள் கயிறு கட்டிய மூன்று சனிக்கிழமைகள்: குவாட்ரட்டா, டிரான்செக்ட்டா?

நாங்குநேரிப் பக்கத்து மானாவாரிக் குளம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகி, தை பிறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கத் தொடங்கும். மாசியில் கரைமேல் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கம் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும். தண்ணீரை ஒட்டிக் கரும்பச்சை, அதற்கு மேலே ஊதாப் பூக்கள், பிறகு வெளிர்பச்சை விரிப்பு, அதற்கும் மேலே காய்ந்த செம்மண் மேடு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரை அங்கே அழைத்துப் போனேன். "குளத்துக்குள் எந்தச் செடி எங்கே வளருது டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டதுதான் எங்கள் ஆய்வுக் கேள்வி. அதற்குள்ளேயே விடை பாதி இருந்தது என்பது முதல் சனிக்கிழமை எனக்கும் பிடிபடவில்லை.

முதலில் குவாட்ரட், அதாவது தரையில் வைத்து உள்ளே இருக்கும் செடிகளை அளக்கும் சதுரச் சட்டம். வயரிங் வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாயும் நான்கு எல்போவும் போதும். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 50 சென்டிமீட்டர் வர வேண்டும். குழாயை 50-க்கு வெட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எல்போவில் மாட்டிய பிறகு உள்ளே அளந்து, தேவைப்பட்டால் அறுத்துச் சரிசெய்ய வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் நூறு சின்னக் கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் ஒரு சதவீதம். இப்படி இரண்டு சட்டம் செய்தோம். மூன்றாவதில் கயிறு கட்டாமல், ஒரு பக்கத்துக் குழாயைப் பசை போடாமல் கழற்றும்படி விட்டோம். நீர்முள்ளி இடுப்பளவு உயரத்தில் முள்ளோடு நிற்கும் இடத்தில் சட்டத்தை மேலிருந்து இறக்க முடியாது. மூன்று பக்கச் சட்டத்தைச் செடியின் அடியில் நுழைத்துவிட்டு நான்காவது பக்கத்தை மாட்டிக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை பாடப்புத்தகம் சொல்வது போலவே செய்தோம். தண்ணீர் விளிம்பிலிருந்து மேடு வரை 60 மீட்டர், விளிம்பை ஒட்டி 40 மீட்டர். இந்தச் செவ்வகத்தின் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்தோம். அதற்குள் 20 குவாட்ரட். ஒரு பையன் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசப் போனான். பல பள்ளிகளில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அது எல்லா இடத்துக்கும் சம வாய்ப்புத் தரும் எழுந்தமானத் தேர்வு ஆகாது. கை போகும் பக்கம்தான் சட்டம் விழும். முள்ளுக்குள் விழுந்தால் யார் போய் எடுப்பது என்ற நினைப்பு கையைத் திருப்பிவிடும். அதனால் சீட்டுப் போட்டோம். ஒரு டப்பாவில் 0 முதல் 59 வரை, இன்னொன்றில் 0 முதல் 39 வரை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்தால் குவாட்ரட்டின் இடம் கிடைத்துவிடும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும்.

எண்ணுவதா, பரப்பைக் கணிப்பதா என்று அங்கேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பொடுதலையும் அருகும் படர்ந்து போய்க் கணுவுக்குக் கணு வேர் விடும். எது ஒரு செடி, எங்கே அது முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாச் செடிக்கும் பரப்புச் சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் ஒரு செடி மூடியிருந்தால் அந்தக் கட்டம் அதன் கணக்கில். கயிறில்லாத சட்டத்தில் மட்டும் கண் மதிப்பு. முதல் நான்கு குவாட்ரட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கணித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலாவதில் ஒருவர் 40 என்றார், மற்றவர் 65 என்றார். நான்காவதில் வித்தியாசம் 5-க்குள் வந்துவிட்டது. இந்தப் பழக்கம் இல்லாமல் தொடங்கியிருந்தால், செடி மாறியதா கணிப்பவர் மாறினாரா என்று பிறகு கண்டுபிடித்திருக்க முடியாது.

வீட்டில் கணக்குப் போட்டேன். பொடுதலையின் சராசரிப் பரப்பு 16.5 சதவீதம். ஒழுங்கான எண் போலத் தெரிந்தது. ஆனால் அதற்கு அடியில் இருந்த அளவுகளைப் பாருங்கள்: பன்னிரண்டு குவாட்ரட்டில் சுழியம். மீதி எட்டில் 55, 40, 70, 35, 45, 20, 60, 5. சராசரிக்கு அருகே வந்தது 20 என்ற ஒன்றுதான். 16.5 சதவீதம் பொடுதலை என்று சொல்லத்தக்க இடம் அந்தக் குளத்தில் அநேகமாக எங்குமே இல்லை. திங்கட்கிழமை இதைப் பலகையில் எழுதியதும், கேள்வி கேட்ட அதே மாணவி ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தண்ணீர் விளிம்பிலிருந்து அதன் தூரத்தை எழுதினாள். எட்டும் 12 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் நடுவில் இருந்தன. ஒன்றுகூட வெளியே இல்லை.

பாதி அளவுகள் சுழியமாகவும் மீதி பெரிய எண்ணாகவும் இருந்து, அந்தப் பெரிய எண்கள் ஒரு பக்கமாகக் கூடியிருந்தால், அந்த இடம் ஒரே சீரானது அல்ல. பல இடங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டிக் கிடக்கின்றன, நாம் அவற்றைக் கலந்து சராசரி எடுத்திருக்கிறோம்.

இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எழுந்தமானமாக வைத்த குவாட்ரட் இங்கே தவறான முறை அல்ல. தூரத்தைக் குறித்து வைத்திருந்ததால்தான் அந்த அளவுகளிலேயே பட்டை தெரிந்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. தண்ணீரை ஒட்டிய முதல் 6 மீட்டரில்தான் செடிகள் மிக வேகமாக மாறுகின்றன. அங்கே விழுந்தது ஒரே ஒரு குவாட்ரட். சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருந்த மேட்டில் ஒன்பது விழுந்துவிட்டன. சீட்டுக்குக் குளத்தின் சரிவு தெரியாது. நம் கேள்வியோ அந்தச் சரிவைப் பற்றியது.

அடுத்து, சரிவு உண்மையில் இருக்கிறதா என்று அளந்தோம். சரிவின் திசையில் டேப் நீட்டி அளக்கும் டிரான்செக்ட் முறையைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயம் எழுதும்போது 'தண்ணீரிலிருந்து தூரம் போகப் போக ஈரம் குறையும்' என்று எழுதுவது ஊகம். அளந்து எழுதினால்தான் அது காரணம். கொத்தனார் ஒருவரிடம் மட்டக்குழாய் இரவல் வாங்கினோம். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயின் இரண்டு முனையிலும் மட்டம் ஒன்றாகத்தானே நிற்கும், அதைக் கொண்டு 3 மீட்டருக்கு ஒருமுறை ஏற்றத்தை எடுத்தோம். ஒரு முறை 3 மீட்டரில் அரை மீட்டர் ஏற்றம் என்று வந்தது, கண்ணுக்கோ தரை சமமாகத் தெரிந்தது. குழாய்க்குள் காற்றுக் குமிழி. இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குமிழி இருக்கிறது, தட்டி வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பத்து அளவுக்கும் ஒருமுறை முனைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டோம்.

60 மீட்டரில் மொத்த ஏற்றம் 1.8 மீட்டர். ஆனால் சீரான ஏற்றம் இல்லை. முதல் 30 மீட்டரில் 40 சென்டிமீட்டர்தான். 30-லிருந்து 36-க்குள் மட்டும் 60 சென்டிமீட்டர். மீதி 24 மீட்டரில் 80. 30-ஆவது மீட்டரில் இருந்த அந்தப் படிக்கட்டு போன்ற ஏற்றம் எங்களைத் தடுத்து நிறுத்தியது, ஏனென்றால் பொடுதலை முடிந்ததும் அங்கேதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மேட்டுக்கு மேல தண்ணி ஏறலியே தாயி. கார்த்தியல்ல இந்த விளிம்பு வரைக்கும்தான் நின்னுச்சு, பொறவு எறங்கிட்டு" என்றார். மேட்டின் விளிம்பில் ஒரே கோடாக ஒதுங்கிக் கிடந்த காய்ந்த குச்சியையும் சருகையும் கம்பால் காட்டினார். நாங்கள் அதன்மேல் நின்றுதான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மண்ணையும் எடுத்தோம். 0, 15, 30, 45, 60 மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து நூறு நூறு கிராம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பள்ளியில் இரும்புச் சட்டியில் மெல்லிய சூட்டில், எடை இனிக் குறையாது என்றாகும் வரை வறுத்தோம். குறைந்த எடை முறையே 31, 26, 17, 8, 5 கிராம். சட்டியில் வறுக்கும்போது மக்கிய இலைதழையும் கொஞ்சம் கருகும், அதனால் ஈரத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும். ஐந்து இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும், துல்லியமான ஈரப்பதம் என்று இதைச் சொல்ல முடியாது.

ஆக, ஒரு திசையில் தொடர்ந்து மாறும் காரணி இருக்கிறது, செடியும் அந்தத் திசையில் பட்டை பட்டையாக மாறுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் டிரான்செக்ட் போடுவதற்குக் காரணம் முழுமை. டிரான்செக்ட் என்பது மாற்றத்தின் திசையில் நீட்டிய டேப். அந்த டேப்பை ஒட்டிக் குறித்த இடைவெளியில் குவாட்ரட்டை வைக்கிறோம். குவாட்ரட்டா டிரான்செக்ட்டா என்ற கேள்வியே கொஞ்சம் குழப்பம் தருவது, ஏனென்றால் சட்டம் இரண்டிலும் அதேதான். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது சீட்டா டேப்பா என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு குழு டேப்பைத் தண்ணீர் விளிம்பை ஒட்டி நீட்டத் தொடங்கிவிட்டது. நடக்க வசதியாக இருந்தது அவர்களுக்கு. அப்படி வைத்தால் 40 மீட்டரும் கோரைக்குள்ளேயே போகும், குளத்தில் கோரை மட்டும்தான் இருக்கிறது என்று தாள் சொல்லும். டேப் விளிம்புக்குச் செங்குத்தாக மேட்டை நோக்கி ஏற வேண்டும்.

ஒரு கோடு போதாது. அந்த ஒரு கோட்டில் என்ன இருந்தது என்பதைத்தான் அது சொல்லும், குளத்தைப் பற்றிச் சொல்லாது. மூன்று கோடு என்று வைத்தோம். அவை தொடங்கும் இடங்களை மட்டும் 0 முதல் 39 வரையிலான சீட்டால் எடுத்தோம். 7, 18, 33 வந்தது. 18-இல் மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடம். மாற்றிக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தடத்தைத் தவிர்ப்பது என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே விதி எழுதியிருந்தால் மாற்றலாம். வந்த பிறகு பிடிக்கவில்லை என்று மாற்றினால், நாம் எதிர்பார்த்த விடைக்குப் பொருந்தும் இடத்தை நாமே தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் 18 அப்படியே இருந்தது, குறிப்பேட்டில் 'மாட்டுத் தடம்' என்று எழுதிக்கொண்டோம்.

பெரும்பாலான அறிக்கைகள் தடுமாறுவது இடைவெளியில். ஏன் 5 மீட்டர் என்று கேட்டால் வட்டமான எண் என்பதைத் தவிர வேறு பதில் இருப்பதில்லை. நாங்கள் முதல் கோட்டில் சட்டம் வைக்காமல், டேப்பில் ஒவ்வொரு மீட்டர் குறிக்குக் கீழும் எந்தச் செடி படுகிறது என்று மட்டும் ஒரு நடை குறித்தோம். கால்மணி நேர வேலை. இருந்ததிலேயே குறுகிய பட்டை நீர்முள்ளியுடையது, 4-லிருந்து 9 வரை, ஏறக்குறைய 5 மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு குவாட்ரட் வைத்தால் அந்தப் பட்டைக்குள் ஒன்றுதான் விழும், அது ஓரத்தில் விழுந்தால் நீர்முள்ளி ஏதோ தற்செயலாக நிற்பது போலாகிவிடும். மிகக் குறுகிய பட்டைக்குள் குறைந்தது இரண்டு குவாட்ரட் விழ வேண்டும் என்று வைத்தோம். அப்படியென்றால் 2 மீட்டர்.

அடுத்து நேரம். ஒரு குவாட்ரட்டுக்கு 6 நிமிடம் ஆகிறது என்று முதல் வாரமே தெரியும். 2 மீட்டருக்கு ஒன்று என்றால் கோட்டுக்கு 31, மூன்று கோட்டுக்கு 93, ஒன்பது மணி நேரத்துக்கு மேல். மூன்று குழு பிரிந்தாலும் மூன்று மணி நேரம் தாண்டும், பத்தரைக்கு மேல் அந்த வெயிலில் பிள்ளைகளை நிறுத்த எனக்கு மனமில்லை. சட்டத்தைத் தொட்டுத் தொட்டு இடைவெளியே இல்லாமல் வைப்பது என்றால் கோட்டுக்கு 120, அதை நினைக்கவே வேண்டாம். மேட்டில் மாற்றம் மெதுவாக இருந்ததால் 36 மீட்டர் வரை 2 மீட்டருக்கு ஒன்று, அதற்கு மேல் 4 மீட்டருக்கு ஒன்று என்று முடிவு செய்தோம். கோட்டுக்கு 25, மொத்தம் 75. மூன்று குழுவுக்கு இரண்டரை மணி நேரம்.

இடைவெளி மாறினால் இரண்டு எச்சரிக்கை உண்டு. வரைபடத்தின் கிடை அச்சில் தூரத்தை அதன் அளவுக்கே போட வேண்டும், குவாட்ரட் எண் 1, 2, 3 என்று போட்டால் மேட்டுப் பகுதி சுருங்கிவிடும். எல்லாக் குவாட்ரட்டையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்கவும் கூடாது. தாழ்ந்த பகுதியில் அதிகம் வைத்திருக்கிறோம், சராசரி அந்தப் பக்கமே சாயும்.

மேட்டில் நின்ற ஆவாரையும் வேலிக்கருவையும் 50 சென்டிமீட்டர் சட்டத்தில் அடங்கவில்லை. அவற்றுக்கு மட்டும் டேப்பின் இரண்டு பக்கமும் 2 மீட்டருக்குள் வேரூன்றிய புதர்களை எண்ணினோம்.

மூன்று கோடுகளையும் காத்தாடி வரைபடமாகப் போட்டார்கள். தூரம் கிடையாக, ஒவ்வொரு செடியின் பரப்பும் நடுக்கோட்டின் மேலும் கீழும் சரிபாதியாக. கோரை விளிம்பில் தொடங்கி 8 மீட்டரில் முடிந்தது. நீர்முள்ளி 10-க்குள். பொடுதலை 12-இல் தொடங்கி, 22 அருகே அகன்று, 30-இல் கத்தரித்தது போல நின்றது. அருகு 24-லிருந்து 44 வரை. கொழுஞ்சியும் ஆவாரையும் படிக்கட்டுக்கு மேலேதான். மாட்டுத் தடத்துக் கோட்டில் நீர்முள்ளி அறவே இல்லை, அருகு 16 மீட்டர் வரை இறங்கி வந்திருந்தது. அந்தக் கோட்டை விட்டிருந்தால் மிதிபடுவதும் மேய்ச்சலும் பட்டைகளை நகர்த்துகின்றன என்ற சந்தேகமே எங்களுக்கு வந்திருக்காது.

ஒரு மாணவன் ஈரத்துக்கும் பொடுதலைக்கும் தர ஒட்டுறவு போட்டுப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பொடுதலை நடு ஈரத்தில் அதிகம், இரண்டு பக்கமும் இல்லை. ஏறி இறங்கும் தொடர்புக்கு ஒட்டுறவு எண் சுழியத்துக்கு அருகே வந்துவிடும், தொடர்பே இல்லை என்று எழுத நேரிடும். முழுக்க ஏறுவது அல்லது முழுக்க இறங்குவது போன்ற தொடர்புக்குத்தான் அந்தக் கணக்கு. காத்தாடியின் வடிவமே இங்கே போதுமான விடை.

அதே மேட்டில் இன்னொரு குழுவின் கேள்வி வேறு: வேலிக்கருவை நிழலிலும் திறந்த வெளியிலும் சிறுசெடிகள் ஒரே அளவா? ஒரே மண், இரண்டு இடத்தை ஒப்பிடுவதுதான் வேலை. அங்கே டேப் நீட்டக் காரணமே இல்லை. நிழலிலும் வெளியிலும் தனித்தனியாகச் சீட்டுப் போட்டுக் குவாட்ரட் வைத்தார்கள். ஒவ்வொன்று வைத்ததும் அதுவரையிலான சராசரியைப் போட்டு, அது ஆடுவது அடங்கியதும் நிறுத்தினார்கள். வெளியில் 12-இல் அடங்கியது, நிழலில் 16 வரை போனது. இரண்டு பக்கமும் 16 என்று வைத்துக்கொண்டார்கள்.

முறையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற பத்தியில், முதல் வரைவில் "டிரான்செக்ட் எளிது, துல்லியமானது" என்று எழுதியிருந்தாள் அந்த மாணவி. மூன்றாவது வரைவு இது: "தண்ணீர் விளிம்பிலிருந்து 60 மீட்டரில் தரை 1.8 மீட்டர் உயர்கிறது, நூறு கிராம் மண்ணில் நீர் 31 கிராமிலிருந்து 5 கிராமாகக் குறைகிறது. எழுந்தமானமாக வைத்த 20 குவாட்ரட்டில் பொடுதலை இருந்த எட்டும் 12 முதல் 30 மீட்டருக்குள் அடங்கின. எனவே சரிவின் திசையில் மூன்று டிரான்செக்ட் போட்டோம். மிகக் குறுகிய பட்டை 5 மீட்டர் என்பதால் அதில் இரண்டு குவாட்ரட்டாவது விழும்படி 36 மீட்டர் வரை 2 மீட்டர் இடைவெளி வைத்தோம். ஈரம் மாறும் அதே இடத்தில் மண்ணும் வண்டலிலிருந்து சரளைச் செம்மண்ணாக மாறுகிறது. ஆகவே செடி மாறுவதற்கு ஈரம்தான் காரணம் என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது." கடைசி இரண்டு வாக்கியம் அவளாகவே சேர்த்தது. மண் எடுக்கும்போது 30-க்கும் 45-க்கும் நடுவில் களைக்கொட்டின் சத்தம் மாறியதாம்.

தூரத்தின் தொடக்கப் புள்ளி ஒன்று மட்டும் இடித்தது. இரண்டாவது சனிக்கிழமை போனபோது தண்ணீர் 3 மீட்டர் உள்ளே போயிருந்தது. முதல் வார முளைக்குச்சிகள் நின்றதால் அதையே 0 என்று வைத்துக்கொள்ள முடிந்தது, இல்லையென்றால் இரண்டு வாரத்து எண்களும் ஒட்டியே இருக்காது. ஆனால் குச்சியை நம்பி அடுத்த ஆண்டு வர முடியாது. அதனால் மூன்றாவது சனிக்கிழமை, கரையில் இருக்கும் மடைக்கல்லிலிருந்து 0 மீட்டர் குச்சிக்குத் தூரமும் திசையும் எடுத்துக் குறித்தோம். அப்போது தண்ணீர் இன்னும் இறங்கியிருந்தது. புதிதாக வெளிப்பட்ட சேற்றில் இரண்டு இலை விட்ட நாற்றுகள் நூற்றுக்கணக்கில். என்ன செடி என்று அந்த வயதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அவற்றையும் எண்ணி, தூரம் என்ற பத்தியில் −1, −3 என்று எழுதிக்கொண்டார்கள்.